வெள்ளைச் சதுரம்

தடுப்பூசி முகாம் என்று அறிவித்ததும் ஐந்தாம் வகுப்பில் மாதேஷைக் காணவில்லை. தேடிப் போனேன். பள்ளிக்குப் பின்னால், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஏற்காட்டில் அன்று பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. அவன் சட்டை முழுவதும் ஈரம்.

"எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வாடா" என்றேன். எல்லா ஆசிரியர்களும் சொல்வதுதான். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா தோளில் நீலப் பெட்டியோடு வந்திருந்தார். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசி அது, ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்துப் போடுவது. மாதேஷை நான் கையோடு இழுத்து வருவதற்குள் ஆறு பேருக்குப் போட்டு முடித்திருந்தார். ஊசியைக் கண்டதும் பையன் கட்டையாக விறைத்துவிட்டான். வரிசை நீளமாக இருந்தது. நான் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பிடித்துக்கொள்கிறேன் அம்மா, நீங்கள் போட்டுவிடுங்கள்."

"வேண்டாம் சார். விட்டுவிடுங்கள்."

குரல் உயரவில்லை. ஆனாலும் என் கை தானாக விலகியது. அவர் ஸ்டூலை இழுத்து அவன் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"இதற்கு முன்னால் எப்போது கண்ணு ஊசி போட்டார்கள்?"

வெகு நேரம் கழித்துத்தான் வாய் திறந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு நாய் கடித்தது. கெண்டைக்கால் சதை பிய்ந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கீழே கூட்டிப்போனார்கள். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். அப்பா கையைப் பிடித்தார், மாமா காலைப் பிடித்தார். "யாரோ முகத்தை அமுக்கினார்கள். மூச்சு விட முடியவில்லை" என்றான். வலித்தது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வருடமாக என் பள்ளியில் படிக்கும் பிள்ளை. இது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

"இங்கே உன்னை யாரும் தொட மாட்டார்கள். நீயாகச் சரி என்று சொன்னால்தான் ஊசி. அதுவரை எனக்கு ஒரு உதவி செய்கிறாயா?"

மருந்துக் குப்பியை அவன் கண்ணருகே காட்டினார். லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெள்ளைச் சதுரம். "சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் மருந்தில் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதைப் போடக்கூடாது. ஒரு குப்பி பத்துப் பேருக்கு. அடுத்த குப்பியை நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

மாதேஷ் பக்கத்திலேயே நின்றான். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது உறை கிழிவதைப் பார்த்தான். போட்டு முடித்த ஊசியின் முனை வெட்டும் கருவியில் 'டக்' என்று துண்டாவதைப் பார்த்தான். பெட்டிக்குள் ஐஸ் பைகளை ஆட்டினால் ஏன் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று அவனே கேட்டான். கொஞ்சம் உருகிய பிறகுதான் பையை உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து உறைந்து கெட்டுவிடும் என்றார் நர்சம்மா. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. அதைக் கேட்டு அவன் தலையாட்டியதைப் பார்க்க வேண்டுமே, பெரிய மனிதன் மாதிரி!

பத்தாவது பிள்ளை எழுந்ததும் புதுக் குப்பி அவன் கைக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தான்.

"வெள்ளையாக இருக்கிறது அம்மா."

எல்லோருக்கும் முடிந்த பிறகு அவனே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். சட்டைக் கையை அவனே சுருட்டினான்.

"வலிக்குமா?"

"வலிக்கும். ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நீயே எண்ணு. கையை மட்டும் ஈரத்துணி மாதிரித் தொங்கவிடு. விறைத்தால் வலி கூடும்."

"சரி" என்றான்.

மூன்று எண்ணும்போதே ஊசி வெளியே வந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை, ஐந்துவரை எண்ணினான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழாதே என்று நர்சம்மா சொல்லவில்லை. பஞ்சை வைத்து, "தேய்க்காதே. அரை மணி நேரம் இங்கேயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார்.

சாயங்காலம் அவன் அம்மா எஸ்டேட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு ஓடி வந்தார். காபிப் பழம் பறித்த கறை விரலில் அப்படியே இருந்தது.

"ரொம்ப அழுதானா சார்? எத்தனை பேர் பிடித்தீர்கள்?"

நான் பதில் சொல்வதற்குள் மாதேஷ் முந்திக்கொண்டான்.

"யாரும் பிடிக்கவில்லை அம்மா."