உதவி மைய மென்பொருள் மாற்றம்: ஆய்வுக் கூட்டக் குறிப்பு (ஸ்லைடு வாரியாக)

நாள்: 2025 மார்ச் 11, செவ்வாய், காலை 10.30 – 11.50

வந்தவர்கள்: திட்ட மேலாளர் (தலைமை), உதவி மையத் தலைவர், தரவுப் பொறியாளர், நெட்வொர்க் நிர்வாகி, பயிற்சிப் பொறுப்பாளர்
வராதவர்: நிதிப் பிரிவுப் பிரதிநிதி
குறிப்பு எழுதியவர்: திட்ட ஒருங்கிணைப்பாளர்

தனியாக நிகழ்ச்சி நிரல் இல்லை. திட்ட மேலாளர் காட்டிய 12 ஸ்லைடுகளே நிரலாக இருந்தன. கீழே உள்ள எண்கள் கூட்டத்தில் திரையில் காட்டிய பதிப்பு 3-இன் எண்கள். முந்தைய நாள் மின்னஞ்சலில் வந்தது பதிப்பு 2. அதில் ஸ்லைடு 5 கிடையாது என்பதால் அதற்குப் பிறகு வரும் எண்கள் ஒன்று குறைவாக இருக்கும். ஸ்லைடில் இருப்பது முன்மொழிவு மட்டுமே. இங்கே "முடிவு" என்று குறித்திருப்பதுதான் ஒப்புக்கொண்டது.

ஸ்லைடு 1–3 (தலைப்பு, நோக்கம், இதுவரை நடந்தவை)
தகவலுக்கு மட்டும். ஸ்லைடு 3-இல் "சோதனை முடிந்தது" என்று இருந்தது. டிக்கெட்டுகளோடு வரும் இணைப்புக் கோப்புகளை இன்னும் சோதிக்கவில்லை என்று தரவுப் பொறியாளர் திருத்தினார். பதிப்பு 4-இல் இது மாறும்.

ஸ்லைடு 4 (பழைய டிக்கெட்டுகள்)
முன்மொழிவு: எல்லாவற்றையும் கொண்டுபோவது.
முடிவு: திறந்திருக்கும் டிக்கெட்டுகளும், கடந்த 2 ஆண்டுகளில் மூடியவையும் மட்டும் போகும். மற்றவை பழைய மென்பொருளிலேயே, படிக்க மட்டும் முடியும்படி இருக்கும்.
நிலுவை: பழைய மென்பொருளை எத்தனை காலம் வைத்திருப்பது? நிதிப் பிரிவைக் கேட்காமல் சொல்ல முடியாது.

ஸ்லைடு 5 (முன்னோட்டப் பதிவேற்றம்)
ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உள்ள வாடிக்கையாளர் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்திருக்கின்றன. CSV கோப்பை எடுக்கும்போது UTF-8 தேர்ந்தெடுக்கப்படவில்லை. அந்த எழுத்துகள் அப்போதே தொலைந்துவிட்டதால் புதிய மென்பொருளுக்குள் சரிசெய்ய வழியில்லை.
முடிவு: UTF-8-இல் மறுபடி எடுத்துப் பதிவேற்ற வேண்டும். அதன் பிறகு 50 பெயர்களை உதவி மையப் பணியாளர்கள் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.
பொறுப்பு: தரவுப் பொறியாளர், மார்ச் 14.

ஸ்லைடு 6 (மாற்றும் நாள்)
கூட்டத்தின் பெரும்பகுதி இதிலேயே போனது. ஸ்லைடில் இருந்தது வெள்ளி, மார்ச் 21, இரவு 8 மணி. உதவி மையத் தலைவர் இதை ஏற்கவில்லை. வெள்ளி மாலைதான் வாரத்திலேயே அழைப்புகள் அதிகம், களைத்துப்போனவர்கள் இரவில் எண்ணிக்கை சரிபார்த்தால் தவறு கண்ணில் படாது என்றார். சனிக்கிழமை தொடங்கினால் சரிசெய்ய ஒரு நாள் குறையுமே என்று திட்ட மேலாளர் கேட்டார். இரவு நேரத்தை ஒரு வேலை நாளாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று தரவுப் பொறியாளர் சொன்ன பிறகு அவரும் ஒத்துக்கொண்டார்.
முடிவு: சனி, மார்ச் 22, காலை 7 மணி. மாலை 4 மணிக்குள் இரண்டு பக்கமும் டிக்கெட் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் பழையதற்கே திரும்புவது. அதைச் சொல்லும் அதிகாரம் உதவி மையத் தலைவருக்கு மட்டும்.
கவனிக்க: பதிப்பு 3-இல் இன்னும் வெள்ளிக்கிழமை என்றே இருக்கிறது. தயவுசெய்து அதைப் பார்த்து யாரும் ஷிப்ட் போட வேண்டாம்.

ஸ்லைடு 7 (மின்னஞ்சல் வழி)
MX பதிவின் TTL இப்போது 86400, அதாவது ஒரு முழு நாள். முன்கூட்டியே குறைக்காவிட்டால் மாற்றிய பிறகும் சில அஞ்சல்கள் பழைய இடத்துக்கே போகும்.
முடிவு: மார்ச் 20 இரவுக்குள் 300 ஆகக் குறைப்பது. புதிய மென்பொருளின் அனுப்பும் சர்வரை SPF பதிவில் மார்ச் 17-க்குள் சேர்ப்பது. இல்லாவிட்டால் நம் பதில்கள் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம்.
பொறுப்பு: நெட்வொர்க் நிர்வாகி.

ஸ்லைடு 8, 9 (பயிற்சி)
முடிவு: மார்ச் 19, 20 இரு நாளும் ஒரு மணி நேரம். இரவு ஷிப்டுக்குத் தனி வகுப்பு. பொறுப்பு: பயிற்சிப் பொறுப்பாளர்.

ஸ்லைடு 10 (செலவு)
முடிவு இல்லை. ஸ்லைடு திரையில் வந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நிதிப் பிரிவு இல்லாமல் அதை ஒப்புதலாக எழுதுவது நியாயமில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

ஸ்லைடு 11, 12 (ஆபத்துகள், கேள்விகள்)
ஆபத்துகள் ஸ்லைடு 6-லேயே பேசி முடிந்தன. ஸ்லைடு 12 திறக்கப்படவில்லை.

ஸ்லைடில் இல்லாதது
நீண்ட விடுப்பில் உள்ளவர்கள் பெயரில் திறந்திருக்கும் டிக்கெட்டுகள் யாரிடம் போகும் என்று பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டார். நல்ல கேள்வி, எந்த ஸ்லைடிலும் இது இல்லை.
முடிவு: மார்ச் 20-க்குள் அவற்றைப் பொது வரிசைக்கு மாற்றுவது. பொறுப்பு: உதவி மையத் தலைவர்.

திருத்தம் இருந்தால் மார்ச் 13 மாலைக்குள் ஸ்லைடு எண்ணோடு எழுதுங்கள். அடுத்த கூட்டம்: மார்ச் 18, செவ்வாய், காலை 10.30. ஸ்லைடு 4-இன் நிலுவையும் ஸ்லைடு 10-உம் முதலில் வரும்.