செல்வத்தின் தகவல் மனுவில் மாற்ற வேண்டியவை

தம்பி செல்வம், மேலக்கோம்பை ரோட்டில் தடுப்புச் சுவர் சாய்ந்தது பற்றி நீ எழுதி அனுப்பின தகவல் உரிமை மனுவை ரெண்டு தடவை படித்தேன். கோபம் நியாயம்தான், ஆனால் இப்படியே போனால் ஒற்றை வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

முதலில் முகவரி. மாவட்ட ஆட்சியருக்குப் போட்டு முதல்வர் தனிப்பிரிவுக்கும் நகல் வைத்திருக்கிறாய். தனிப்பிரிவு குறை சொல்கிற இடம், அந்த நகல் வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் சட்டத்தின் பிரிவு 6(3)-படி அஞ்சு நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சரிதான், ஆனால் அது திண்டுக்கல் இறங்கித் திரும்ப மலை ஏறி வருவதற்கு நாமே நேராக அனுப்பிவிடலாம். மேலே ஆட்சியர் பெயரோ பி.டி.ஓ. பெயரோ எழுதாதே. "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், கொடைக்கானல்" என்று போடு. ஆள் மாறினாலும் பதவி இருக்கும்.

ஆனால் ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும், அந்த ரோடு யாருடையது? மன்னவனூர் ரோட்டிலிருந்து மேலக்கோம்பைக்குப் பிரிகிற இடம் நெடுஞ்சாலைத் துறையின் எல்லையில் வரலாம், நடுவில் சோலை ஓரமாகப் போகிற துண்டு வனத்துறை நிலமாக இருக்கலாம், கீழே ஊருக்குள் வருவது ஊராட்சிச் சாலை. சுவர் சாய்ந்திருப்பது எந்தத் துண்டில் என்று உன் மனுவில் ஒரு இடத்திலும் இல்லை. "எங்கள் ஊர் ரோடு" என்று எழுதினால் இது எங்களுடையது இல்லை என்று எழுதிவிட்டுப் போக வசதியாகப் போய்விடும். அதனால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்:

"மன்னவனூர் சாலைப் பிரிவிலிருந்து மேலக்கோம்பை மாரியம்மன் கோயில் வரை உள்ள சாலை ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, வேறு துறையின் சாலையா என்பதைக் காட்டும் சாலைப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் தருக."

இப்போது உன் கேள்விகள். "ஏன் தரமில்லாமல் கட்டினீர்கள்?", "இதற்கு யார் பொறுப்பு?", "எப்போது சரி செய்வீர்கள்?" மூன்றையும் அடித்துவிடு. சட்டம் கேட்கச் சொல்வது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தை. அபிப்பிராயமோ விளக்கமோ புதிதாக உட்கார்ந்து எழுதித் தரச் சொன்னால் மறுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும். "ஏன்" என்பதற்கான பதிலை ஆவணமே சொல்லும், தம்பி. எஸ்டிமேட்டில் எத்தனை மீட்டர் சுவர், எவ்வளவு ஆழ அஸ்திவாரம், தண்ணீர் வடியத் துளை உண்டா என்றெல்லாம் இருக்கும். எம்-புக் என்கிற அளவீட்டுப் புத்தகத்தில் வேலையை அளந்து எழுதினது இருக்கும். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் மழை தள்ளியதா மனுஷன் குறைத்தானா என்பது ஓரளவு புரிந்துவிடும். இப்படி எழுது:

"மேற்படி சாலையில், கோயிலுக்கு மேலே உள்ள இரண்டாவது வளைவில் 2023-24 நிதியாண்டில் நடந்த தடுப்புச் சுவர் பணி தொடர்பாக, நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, இறுதிப் பட்டியல், பணி முடிவுச் சான்று, ஒப்பந்ததாரர் பழுது பார்க்க வேண்டிய காலத்தைக் குறிக்கும் ஒப்பந்தப் பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தருக."

"கடந்த 20 ஆண்டில் ஊராட்சியில் நடந்த எல்லாப் பணிகளும்" என்று கேட்டிருக்கிறாயே, அதை எடு. கட்டுக்கட்டாகத் தேட வேண்டும் என்று காரணம் காட்டுவார்கள், உனக்கும் அவ்வளவு தேவையில்லை. வேண்டுமானால் "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி தருக" என்று ஒரு வரி சேர், பிரிவு 2(ஒ) வகையறா எண்ணெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதற்காகக் கேட்கிறாய் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாய், அதுவும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. ஒப்பந்ததாரரைத் திருடன் என்று எழுதினதைக் கட்டாயம் எடு, நாளைக்கு உனக்கே வம்பு.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டு. நகலுக்கு ஏ4 பக்கம் ஒன்றுக்கு ரெண்டு ரூபாய். கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடு, அந்தக் கடிதம் போன நாளிலிருந்து நீ கட்டுகிற நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் போட்டு, கையெழுத்திட்ட நகல் ஒன்றை வைத்துக்கொள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுத வேண்டும், அதை நான் பார்த்துத் தருகிறேன்.

சுவரைக் கட்டித் தரக் கேட்கிற பத்தியை வெட்டி எறிந்துவிடாதே, தனி மனுவாக எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்.

– மல்லிகா அக்கா