அக்கா, பங்குனிக்கு வேண்டாம், சித்திரைக்கு வா

அக்கா,

நேற்று நீ பேசிய வேகத்தில் எனக்கு வாயே வரவில்லை. “வெள்ளிக்கிழமை கிளம்புறோம், ஆரப்பாளையத்துக்கு வந்து கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அதான் எழுதுகிறேன். திருப்பரங்குன்றம் கல்யாணத்துக்கு இந்தத் தடவை வர வேண்டாம்.

பாப்பாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது. முருகன் கல்யாணத்துக்கு மறுநாள், தேர் அன்றைக்கு, அவளுக்கு வேதியியல். “ஒண்ணேகாலுக்கு முடிஞ்சிரும், அப்புறம் சும்மாதானே இருப்பா” என்றாய். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஹாலில் நடந்துகொண்டே சத்தம் போட்டுப் படிக்கிறவள், பரீட்சை எழுதிவிட்டு வந்து மத்தியானம்தான் கொஞ்சம் கண்ணை மூடுகிறாள். எழுந்தால் அடுத்த பாடம்.

“ஒரு மூலையில கிடந்துக்கிறோம்” என்கிறாய். நம் வீட்டில் மூலை ஏது? ஃபிரிட்ஜ் கதவு, பாத்ரூம் கதவு எல்லாம் அவள் ஒட்டிய சமன்பாட்டுத் தாள்தான். உன் பேரன்கள் வந்தால் முதலில் புத்தகத்தை மூடுவது அவள்தான். அவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்! பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை.

சமையலை நீயே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாயாம். நீ அடுப்படியில் நிற்க என் பெண்டாட்டி விடுவாளா? கறி எடு, மீன் எடு என்று வீடு இரண்டுபடும்.

ஒரே ஒரு ராத்திரி என்றாலும் வேண்டாம் அக்கா. கோயில் பக்கத்தில் ரூம் போட்டுத் தரவா என்று கேட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாய், அதனால் கேட்கவில்லை.

மாமாவிடம் நானே பேசுகிறேன். கோபித்துக்கொண்டால் என்னைத் திட்டட்டும். ஆனால் தம்பி பெண்டாட்டி தடுத்துவிட்டாள் என்று மட்டும் யாரிடமும் பேச்சு வரக்கூடாது. அவள் “வரட்டும், சமாளிச்சுக்கலாம்” என்றுதான் சொன்னாள். வேண்டாம் என்றது நான்.

“மீனாட்சியே சொக்கரோட அந்தக் கல்யாணத்துக்குப் போறா, என்னை வேணாங்கிறியா” என்று கேட்டாயே, அதற்கு மட்டும் சிரித்துவிட்டேன். சரி, அதே முருகன் மீனாட்சி கல்யாணத்துக்கு மதுரைக்கு வருகிறார் இல்லையா? சித்திரையில் அவர் வரும்போது நீயும் வா. அதற்குள் பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். திருக்கல்யாணம் பார்த்துவிட்டு, புதூரில் நம் தெருமுனையிலேயே எதிர்சேவையில் அழகரைப் பார்த்து, ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டு ஊருக்குப் போகலாம். பத்து நாளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வா. பேரன்கள் அப்போது ஹாலில் எவ்வளவு ஆட்டம் வேண்டுமானாலும் போடட்டும்.

பாப்பாவிடம் பேச ஆசையாக இருந்தால் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் கூப்பிடு. எவ்வளவு மார்க் வரும் என்று மட்டும் கேட்காதே, அப்புறம் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள்.

தம்பி