செல்விக்கு

செல்வி,

காலையில் ஆபீசுக்கு வந்து பையைக்கூட வைக்கவில்லை, மேனேஜர் கூப்பிட்டு, ராத்திரி உன் அப்பா தவறிவிட்டார் என்று சொன்னார். உனக்குப் போன் போட்டேன், சித்தி எடுத்து நீ பேசும் நிலைமையில் இல்லை என்றார்கள், அதற்கு மேல் கூப்பிட மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பதில் எதுவும் போட வேண்டாம், முடிகிறபோது படி.

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை, ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பின்போது நாங்கள் நாலு பேர் நாகலூர் வந்தோமே, அப்போதுதான். நான் பச்சையும் சிவப்புமாக உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். திட்டவில்லை, பக்கத்தில் வந்து நின்று, "சிவந்தது மட்டும் எடு சாமி, மத்தது அடுத்த சுத்துக்கு இருக்கட்டும்" என்று ஒவ்வொன்றாகப் பறித்துக் காட்டினார். கிளம்பும்போது பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மிளகு இன்னும் என் சமையலறையில் இருக்கிறது.

ஆனால் போனில் அவரை எனக்கு நன்றாகவே தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தார், இன்றைக்குச் சொல்கிறேன், உனக்குத் தெரிய வேண்டும். மழை பிடித்தாலோ மலையில் பனி மூடினாலோ காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன் வரும். "பாப்பா வந்துருச்சுங்களா?" அவ்வளவுதான் கேட்பார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அஸ்தம்பட்டி வந்து, நீ சீட்டில் உட்கார்ந்தாயிற்று என்று நான் சொன்னால்தான் "சரிங்க" என்று வைப்பார். உனக்கே போன் போட்டால் நீ கோபித்துக்கொள்வாயாம், நாலு வருஷமாக இப்படி.

கடைசியில் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டேனே என்று உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே. போன மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் நீ அலைந்ததைத் தினமும் பார்த்தவள் நான். இதைவிட ஒரு பிள்ளையால் என்ன செய்ய முடியும் சொல்லு.

தம்பி பெங்களூரிலிருந்து வந்த பிறகு நாளை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள் என்று சித்தி சொன்னார்கள். நாங்கள் ஆறு பேர் ஏழு மணிக்கே வண்டி எடுத்துக் கிளம்புகிறோம். வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டீர்கள், அதனால் இட்லியும் ஃபிளாஸ்க்கில் காப்பியும் கொண்டு வருகிறேன், அம்மாவுக்கு சுகர் இருக்கிறது, வெறும் வயிற்றோடு இருக்க விடாதே. உன் மாசக் கடைசிக் கணக்கை நானே முடித்துவிடுகிறேன், லீவும் சொல்லியாயிற்று, காரியம் முடியும்வரை ஆபீஸ் நினைப்பே வேண்டாம். அப்புறம் ஒன்று, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும், சான்றிதழ் நாலைந்து பிரதி வாங்கச் சொல்லு.

நீ திரும்பி வேலைக்கு வந்த பிறகு, பனி மூடின காலையில் போன் அடித்தால் கோபப்படாமல் எடு. நான்தான் கேட்பேன், அடிவாரம் தாண்டிவிட்டாயா என்று.

சரசு அக்கா