கிரைண்டர் வீடியோ: ஸ்கிரிப்ட், கடைசி வடிவம்

தம்பி, எடிட்டுக்கு உட்காரும் முன் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு.

முதல் நாள் எடுத்ததில் நான் பேசியதை அப்படியே கீழே எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையும் வெட்ட வேண்டாம், திருத்திப் பேசி ஒட்டவும் வேண்டாம். அன்றைக்கு ஒரு விஷயத்தில் என் கணிப்பு தவறிவிட்டது, அதுவும் இருக்கட்டும். பெட்டியை முன்பே பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி டேப் ஒட்டி ஆச்சரியப்படுகிற வேலை நம் சேனலில் கிடையாது. மூன்று வாரத்துக்கு அப்புறம் பேசுவதில் "கட்டாயம்" என்று போட்ட வரிகளை மட்டும் எழுதியபடி சொல்வேன். மற்ற இடங்களில் அடுப்படியில் நின்று வாய்க்கு வருவதைத்தான் பேசுவேன். நடுவில் தடுமாறினால் விட்டுவிடு, எண் தப்பினால் மட்டும் நிறுத்து.

தொடக்கம் (அடுப்படி மேடை, பெட்டி பிரிக்காமல்)

கட்டாயம்: "வணக்கம். இந்த 2 லிட்டர் டில்டிங் கிரைண்டரை மதுரையில் ஒரு கடையில் 5,490 ரூபாய் கொடுத்து என் காசில் வாங்கினேன். கம்பெனி எனக்கு எதுவும் தரவில்லை. நான் சொல்லப்போவதை அவர்கள் பார்க்கவும் இல்லை."

(இதை வாயாலும் சொல்ல வேண்டும், திரையில் தமிழிலும் வர வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியில், பொருள் இலவசமாக வந்திருந்தால் அதை வீடியோவுக்குள்ளேயே சொல்லச் சொல்கிறார்கள், கீழே விளக்கத்தில் போட்டால் மட்டும் போதாது. நாம் காசு கொடுத்து வாங்கியதையும் அதே இடத்தில் சொல்லிவிடுவோம்.)

முதல் நாள் பதிவு (கை வைக்காதே)

"கத்தி எங்கே... சரி, இந்தப் பக்கம் டேப் லேசாகத்தான் இருக்கிறது. அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. மேலே தெர்மாகோல். அதுக்குள்ளே டிரம். அட, கல்லை டிரம்முக்குள்ளேயே வைத்து அட்டை சுற்றியிருக்கிறார்கள், அது நல்ல வேலை. ஓரம் எதுவும் உடையவில்லை. தேங்காய்த் துருவி இருக்கிறது, சப்பாத்தி மாவு பிசைகிற கரண்டி இருக்கிறது, வாரண்டி கார்டு. கோயம்புத்தூரில் செய்தது என்று போட்டிருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு, தெரிந்திருக்கும். அப்புறம்... தூக்கிப் பார்க்கிறேன். யம்மா! நல்ல கனம். சாய்த்துப் பார்ப்போம். லாக் கிண்ணென்று உட்காருகிறது. இது ரொம்ப நன்றாக இருக்கிறது."

(இதற்கு மேலே "முதல் நாள்" என்ற எழுத்து கடைசி வரை நிற்கட்டும்.)

கல் கழுவுதல் (இதுவும் முதல் நாள் எடுத்தது)

"பழைய சோறு ஒரு கிண்ணம் போட்டு ஓட்டுகிறேன். புதுக் கல்லில் தூள் இருக்கும், நேரே மாவு ஆட்டினால் பல்லில் நறநறக்கும். தண்ணீர் எப்படி இருக்கிறது பாருங்கள், சாம்பல் நிறம். இரண்டாவது தடவை கொஞ்சம் தேவலை. மூன்றாவது தடவைதான் வெள்ளையாக வருகிறது."

(மூன்று தடவையும் காட்டு. வாங்குகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது, வேகமாக ஓட்டிவிடாதே.)

மூன்று வாரம் கழித்து: உளுந்து

இதுதான் வீடியோவின் உயிர். பொறுமையாகப் போகலாம். இங்கே வரி எழுதவில்லை. நினைவில் வைக்க வேண்டியது மட்டும்: 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்துக்கு 25 நிமிடம், அரிசிக்கு 20. தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துத்தான். மாவில் ஒரு உருண்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவது, மிதக்கிறதா என்று காட்டுவது. அது மிதக்கும்வரை வெட்டாமல் கேமரா ஓடட்டும். மிதக்காவிட்டால் மிதக்கவில்லை என்றே சொல்வேன்.

கட்டாயம்: "அடுப்படியில் 30 டிகிரி. ஆட்டி முடித்த உளுந்து மாவு 33 டிகிரி. அதே உளுந்தை மிக்ஸியில் அரைத்தபோது 43. மாவு சூடாகாமல் பொங்கி வருவதற்குத்தான் கிரைண்டர் வாங்குகிறோம், அந்த வேலையை இது சரியாகச் செய்கிறது."

கட்டாயம்: "மோட்டார் 150 வாட். 45 நிமிடம் ஓடினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு யூனிட் கரண்ட். கரண்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம்."

அடுத்தது அரை டம்ளர் உளுந்து. இதையும் நேரில் காட்ட வேண்டும். மாவு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, கல்லுக்குச் சிக்குவதே இல்லை. மூன்று தடவை கரண்டியால் தள்ளிவிட்டும் நைஸாக வரவில்லை. கேட்லாக்கில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நான் தவறாகச் சொன்னது

(முதல் நாள் "லாக் கிண்ணென்று உட்காருகிறது" என்று சொன்ன துண்டை இங்கே மறுபடி போடு.)

கட்டாயம்: "இதை வெறும் டிரம்மை வைத்துச் சொன்னேன். மாவு நிறைந்த டிரம்மைச் சாய்க்கும்போது கதை வேறு. இடது கையால் லாக்கை அழுத்திக்கொண்டே வலது கையால் டிரம்மைப் பிடிக்க வேண்டும். கையில் மாவு ஒட்டியிருந்தால் லாக் வழுக்குகிறது. நான் சமாளித்தேன். அம்மாவுக்கு 62 வயது, மணிக்கட்டு வலி. அவரால் முடியவில்லை."

(அம்மா சாய்க்க முயன்று "விடுமா, நீயே ஊத்து" என்று சொன்னது மைக்கில் பதிவாகியிருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டேன், போடலாம் என்றார். முகம் வேண்டாம், கை மட்டும்.)

மற்ற குறைகள் சீக்கிரம்: ஒயர் 1.2 மீட்டர்தான், எங்கள் வீட்டில் பிளக்குக்கு எட்டவில்லை. நடுத்தண்டின் அடியில் மாவு புகுந்து காய்ந்துபோகிறது, பழைய டூத்பிரஷ் இல்லாமல் வராது. தேங்காய்த் துருவி பரவாயில்லை. மாவு பிசைகிறதை நான் ஒரே ஒரு தடவைதான் செய்தேன், அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

தீர்ப்பு (உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து. முழுக்கக் கட்டாயம், வரிசை மாறக்கூடாது)

"வீட்டில் நாலு பேருக்கு மேல் இருந்து, வாரம் இரண்டு தடவை மாவு ஆட்டுகிறவர்கள் இதை வாங்கலாம். மாவு நன்றாக வருகிறது, சத்தமும் தாங்குகிற அளவுதான்.

தனியாக இருப்பவர்கள், இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு, வாங்க வேண்டாம். குறைந்த அளவு உளுந்தை இது அரைக்காது.

கையில் பலம் குறைந்த பெரியவர்கள்தான் மாவு ஆட்டப்போகிறார்கள் என்றால், கடையிலேயே டிரம்மில் பாதி தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி, அவர்களையே சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாரண்டி கார்டில் மோட்டாருக்கு 5 வருடம், மற்றதற்கு 2 வருடம். கல்லுக்குக் கிடையாது, அது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் பெல்ட் எப்படித் தேயும் என்று எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆறு மாதம் கழித்து அடிமூடியைக் கழற்றிக் காட்டுகிறேன். வணக்கம்."

(வணக்கம் சொன்னதும் வெட்டிவிடு. வாங்குவதற்கான லிங்க் கீழே வைக்காதே.)