விட்டுப்போன மூன்று லேப்களை எப்படி ஈடுகட்டுவது?

வணக்கம். பெங்களூரில் மாலை நேர எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். பகலில் பொம்மசந்திராவில் முழுநேர வேலை. மாதக் கடைசியில் ஷிப்ட் நீண்டு, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தால் லேப் கதவில் பூட்டுதான் தொங்குகிறது. ரெக்டிஃபையர், ஜீனர் டையோடு, டிரான்சிஸ்டர் என மூன்று சோதனைகள் போய்விட்டன.

நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடலாம்தான். வைவாவில் மாட்டிக்கொள்வேனே! முழு அலை ரெக்டிஃபையரின் சிற்றலைக் காரணி 0.48 என்று ஒப்பிக்கத் தெரிகிறது. ஆசிலாஸ்கோப்பில் அளக்கத் தெரியவில்லை. எஸ்.பி. ரோட்டில் பிரெட்போர்டு வாங்கி வீட்டிலேயே செய்து பார்த்தால் போதுமா? டிரான்ஸ்ஃபார்மரை வீட்டு பிளக்கில் செருக மட்டும் பயம்.

சனிக்கிழமை பகல் பிரிவோடு உட்கார அனுமதி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? துறைத் தலைவரிடம் கேட்டீர்களா, லேப் பொறுப்பாளரிடமா?