திருப்பிப் போட்டால் மாறும் எண்கள்: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் பாடம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில் கோபாலபுரம் தாண்டிவிட்டால், எதிரே வரும் வண்டிகளில் TN 41 குறைந்து KL 70 கூடத் தொடங்கும். TN 41 பொள்ளாச்சி, KL 70 நம் சித்தூர். 70-ஐத் திருப்பிப் போட்டால் 07. KL 07 எர்ணாகுளம். அதேபோல KL 41 ஆலுவா, KL 14 காசர்கோடு. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வண்டியின் ஊரே மாறிவிடுகிறது.

எவ்வளவு மாறுகிறது என்று கழித்துப் பாருங்கள். 70 − 07 = 63. 41 − 14 = 27. இரண்டுமே 9-இன் மடங்கு. இது தற்செயல் இல்லை. ஏன் இப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால், தேர்வில் வரும் இந்த வகைக் கணக்குகளில் பாதி வேலை முடிந்துவிடும்.

பத்தாம் இடத்து இலக்கத்தை x என்றும் ஒன்றாம் இடத்து இலக்கத்தை y என்றும் வைத்துக்கொள்வோம். அந்த எண் xy அல்ல. xy என்று எழுதினால் x-ஐ y-ஆல் பெருக்கியதாக ஆகிவிடும். 41 என்பது நான்கு பத்தும் ஓர் ஒன்றும். ஆகவே:

எண் = 10x + y
திருப்பிய எண் = 10y + x

இப்போது இரண்டையும் கூட்டுங்கள், பிறகு கழியுங்கள்.

கூட்டினால்: 11x + 11y = 11(x + y)
கழித்தால்: 9x − 9y = 9(x − y)

இந்த இரண்டு வரிகளையும் நீங்களே உங்கள் கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை தெரிந்தால் அதை 11-ஆல் வகுக்க, இலக்கங்களின் கூடுதல் கிடைக்கும். வித்தியாசம் தெரிந்தால் 9-ஆல் வகுக்க, இலக்கங்களின் வித்தியாசம் கிடைக்கும். அப்புறம் இருப்பது இரண்டு சின்னச் சமன்பாடுகள்தான்.

கணக்கு 1

பால் சங்கத்துப் புத்தகத்தில் ஒரு வீட்டின் ஒரு வாரப் பால், இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டுவிட்டது. அதனால் 27 லிட்டர் குறைந்துபோனது. பிறகு சரியான அளவை அடுத்த வரியில் எழுதினார்கள். ஆனால் தவறான வரியை அடிக்க மறந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு வரிகளும் சேர்ந்து 99 லிட்டர் என்று கணக்கில் ஏறிவிட்டது. உண்மையில் ஊற்றிய பால் எவ்வளவு?

சரியான அளவு 10x + y. தவறாக எழுதியது 10y + x. சரியானதுதான் பெரியது, ஏனென்றால் தவறால் பால் குறைந்தது. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பது இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அவசரமாகப் படித்தால் விடை தலைகீழாக வந்துவிடும்.

(10x + y) − (10y + x) = 27 → x − y = 3
(10x + y) + (10y + x) = 99 → x + y = 9

இரண்டையும் கூட்ட 2x = 12, x = 6. ஆகவே y = 3. ஊற்றிய பால் 63 லிட்டர்.

சரிபார்ப்போம்: 63 − 36 = 27, 63 + 36 = 99. சரி.

கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த 9 நன்றாகத் தெரியும். வரவும் செலவும் ஒத்துப்போகாமல், வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் அதைத்தான் தேடுவார்கள். வேறு தவறாலும் 9-இன் மடங்கு வரலாம். ஆனால் தேடலைத் தொடங்க அது நல்ல இடம்.

கணக்கு 2

ஓர் ஈரிலக்க எண் அதன் இலக்கங்களின் கூடுதலைப் போல 7 மடங்கு. அந்த எண்ணிலிருந்து 36-ஐக் கழித்தால் இலக்கங்கள் இடம் மாறுகின்றன. எண் எது?

இங்கே முதல் வாக்கியத்தில் கூட்டலோ கழித்தலோ இல்லை. பயப்பட வேண்டாம், சொன்னதை அப்படியே எழுதுங்கள்.

10x + y = 7(x + y)
3x = 6y
x = 2y

இரண்டாவது வாக்கியம்: 10x + y − 36 = 10y + x. இதிலிருந்து 9(x − y) = 36, அதாவது x − y = 4.

x-க்குப் பதில் 2y-ஐப் பிரதியிட 2y − y = 4. ஆகவே y = 4, x = 8. எண் 84. 7 × 12 = 84, 84 − 36 = 48. இரண்டு நிபந்தனையும் பொருந்துகிறது.

கணக்கு 3

ஓர் ஈரிலக்க எண்ணையும் அதைத் திருப்பிய எண்ணையும் கூட்டினால் 110. இலக்கங்களின் வித்தியாசம் 4. எண் எது?

110 ÷ 11 = 10, ஆகவே x + y = 10. வித்தியாசம் 4 என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள், எந்த இலக்கம் பெரியது என்று சொல்லவில்லை. x − y = 4 என்றால் 73. y − x = 4 என்றால் 37. இரண்டும் சரியான விடைகள், இரண்டையும் எழுத வேண்டும். 73 மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

விடை வராத கணக்குகள்

பாடப்புத்தகக் கணக்குக்கு விடை எப்போதும் வரும். அதனால், சமன்பாடு எப்போது கைவிடும் என்று நாம் யோசிப்பதே இல்லை. இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"இலக்கங்களின் கூடுதல் 8. எண்ணையும் திருப்பிய எண்ணையும் கூட்டினால் 88." இரண்டு தகவல் இருப்பது போலத் தெரியும். ஆனால் 88-ஐ 11-ஆல் வகுத்தால் மறுபடியும் x + y = 8. ஒரே செய்தியை இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். 17, 26, 35, 44, 53, 62, 71, 80 எல்லாமே பொருந்தும். இரண்டு சமன்பாடுகள் போதாது, அவை இரண்டு வேறு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

"திருப்பினால் 20 கூடுகிறது." இப்படி எண்ணே கிடையாது. 20 என்பது 9-இன் மடங்கு இல்லை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

"இலக்கங்களின் கூடுதல் 9, திருப்பினால் 36 குறைகிறது." 36 ÷ 9 = 4, ஆகவே x + y = 9, x − y = 4. கூட்டினால் 2x = 13, x = 6.5. பத்தாம் இடத்தில் ஆறரை இருக்க முடியாது. கூடுதலும் வித்தியாசமும் இரண்டுமே ஒற்றையாகவோ இரண்டுமே இரட்டையாகவோ இருந்தால்தான் முழு இலக்கம் கிடைக்கும். அப்போதும் x 1 முதல் 9 வரையும், y 0 முதல் 9 வரையும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய

அ) இலக்கங்களின் கூடுதல் 12. திருப்பினால் எண் 18 கூடுகிறது.

ஆ) எண்ணையும் திருப்பிய எண்ணையும் கூட்டினால் 121. பத்தாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தைவிட 5 அதிகம்.

இ) ஓர் ஈரிலக்க எண் அதன் இலக்கங்களின் கூடுதலைப் போல 4 மடங்கு. திருப்பினால் 18 கூடுகிறது.

விடைகள்: அ) 57, ஆ) 83, இ) 24.